முதல் கிரவுனுக்கு முன்: அந்த ஒன்றரை மில்லிமீட்டரை எங்கிருந்து அளப்பது?

முதன்முறையாக நோயாளியின் வாயில் கிரவுனுக்காகப் பல்லைச் சீவப் போகும் மாணவரிடம் நான் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "கடிபரப்பில் எவ்வளவு எடுக்கப் போகிறாய்?" பதில் தயக்கமின்றி வரும். பீங்கான் பூசிய உலோகக் கிரவுன் என்றால் செயல்படும் முகட்டில் 2 மில்லிமீட்டர், மற்ற முகட்டில் 1.5 மில்லிமீட்டர். முழு உலோகம் என்றால் 1.5, 1. எண்கள் எல்லாம் சரி. அடுத்து, "எங்கிருந்து?" என்று கேட்பேன். பெரும்பாலும் அங்கேதான் பதில் நின்றுவிடும். இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது கேள்வியைப் பற்றியது. கிரவுன் பாடத்தில் தனித்தனி அத்தியாயங்களாக வரும் டேப்பர், ஃபினிஷ் லைன், கடிபரப்புக் குறைப்பு ஆகிய மூன்றும் ஒரே பல்லில் ஒன்றையொன்று எப்படிப் பிடித்து இழுக்கின்றன என்பதை, பல் மருத்துவக் கல்லூரியில் இத்தனை ஆண்டுகள் மாணவர்களின் அருகில் நின்று பார்த்ததிலிருந்து சொல்கிறேன்.

ஃபாந்தம் தலையில் பொருத்திய டைப்போடாண்ட் பல், முகடுகள் முழுமையாக, எதிர்ப்பல்லைச் சரியாகத் தொட்டுக்கொண்டு இருக்கும். அதில் 2 மில்லிமீட்டர் வெட்டினால் எதிர்ப்பல்லுக்கும் அதற்கும் இடையே 2 மில்லிமீட்டர் இடைவெளி கிடைக்கும். வெட்டிய அளவும் கிடைத்த இடமும் ஒன்றாகவே இருப்பதால், இரண்டும் வேறு வேறு என்ற எண்ணமே மாணவருக்கு வருவதில்லை. நோயாளியின் பல் அப்படி இருக்காது. நம் கல்லூரிகளில் மாணவருக்கு முதல் கிரவுனாகக் கிடைப்பது பெரும்பாலும் வேர் சிகிச்சை முடிந்த கீழ்க் கடைவாய்ப் பல். வேர் சிகிச்சை செய்தவர், வலி குறையட்டும் என்று கடிபரப்பை ஏற்கெனவே கொஞ்சம் தேய்த்து, எதிர்ப்பல்லைத் தொடாதபடி விட்டிருப்பார். அந்தப் பல்லில் போய் ஃபாந்தமில் பழகியபடி 2 மில்லிமீட்டர் பள்ளங்களை இறக்கினால், தேவைக்கு மேல் அரை மில்லிமீட்டரோ ஒரு மில்லிமீட்டரோ வீணாகப் போய்விடும். போனதைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை.

ஒரு பல்லை எடுத்துக்கொண்டு பார்ப்போம். நாற்பதைத் தாண்டிய ஒரு பெண்மணி. கீழ் வலது முதல் கடைவாய்ப் பல், எண் 46. வேர் சிகிச்சை முடிந்து, காம்போசிட்டில் கோர் கட்டியிருந்தார்கள். இறுதியாண்டு மாணவி ஒருத்திக்கு அது முதல் கிரவுன். பீங்கான் பூசிய உலோகக் கிரவுன் என்று கேஸ் ஷீட்டில் எழுதிக்கொண்டு வந்தாள். பர்ரைக் கையில் எடுக்கும் முன் கடியைப் பார்க்கச் சொன்னேன்.

"அம்மா, பல்லைக் கடியுங்கள்" என்று சொல்லி ஆர்டிகுலேட்டிங் பேப்பரை வைத்தாள். பக்கத்துப் பற்களில் எல்லாம் புள்ளி விழுந்தது. 46இல் ஒன்றும் விழவில்லை.

"மேடம், இந்தப் பல் தொடவே இல்லை" என்றாள்.

"எவ்வளவு தூரம் தொடவில்லை என்று அளந்து சொல் அம்மா" என்றேன்.

அளப்பது எளிது. பேஸ்ப்ளேட் மெழுகை வெந்நீரில் மென்மையாக்கி, இரண்டாக மடித்துப் பல்லின் மேல் வைத்துக் கடிக்கச் சொல்ல வேண்டும். பக்கத்துப் பற்கள் சேரும்வரை கடிக்கிறார்களா என்று கன்னத்தை ஒதுக்கிப் பார்க்க வேண்டும். மெழுகு ஆறியதும் எடுத்து, மிக மெலிந்த இடத்தில் ஐவான்சன் கேஜால் அளந்தால் இடைவெளி தெரிந்துவிடும். இந்தப் பல்லில் கன்னப்பக்க முகட்டில் 0.7 மில்லிமீட்டர் இருந்தது. அடுத்து, ஃபினிஷ் லைன் எங்கே வரும் என்று உத்தேசித்து, அங்கிருந்து முகட்டின் உச்சிவரை பெரியோடாண்டல் ப்ரோபை வைத்து அளந்தோம். 5 மில்லிமீட்டர். கன்னத்திலிருந்து நாக்குவரை பல்லின் அடி அகலம் 9.5 மில்லிமீட்டர் வரும் என்று வார்ப்பு மாதிரியில் அளந்து வைத்திருந்தாள்.

இந்த மூன்று எண்களும் கையில் இருந்தால் போதும். எந்தப் பொருளில் கிரவுன் செய்வது என்பதையே அவை தீர்மானித்துவிடும். 2001இல் குடாக்கரும் வேறு இருவரும் சேர்ந்து பழைய ஆய்வுகளைத் தொகுத்து எழுதிய கட்டுரை, கடைவாய்ப் பல்லின் சுவர் குறைந்தது 4 மில்லிமீட்டர் உயரம் இருக்க வேண்டும் என்கிறது. முன்பற்களுக்கும் முன்கடைவாய்ப் பற்களுக்கும் 3 போதும். கடைவாய்ப் பல் அகலமானது என்பதுதான் இந்த வேறுபாட்டுக்குக் காரணம். அகலமான அடிமேல் குட்டையான சுவர் இருந்தால், மெல்லும்போது பக்கவாட்டில் வரும் விசை கிரவுனை ஒரு விளிம்பில் ஊன்றிப் புரட்டிவிடும். எதிர்ச்சுவருக்கு அதைத் தடுக்கும் உயரம் இருக்காது. அதனால்தான் உயரத்தை அகலத்தால் வகுத்தால் குறைந்தது 0.4 வர வேண்டும் என்று அதே கட்டுரை சொல்கிறது.

இப்போது 46க்குக் கணக்குப் போடுவோம். கடி விலகியிருப்பதைப் பார்க்காமல் முகட்டிலிருந்து 2 மில்லிமீட்டர் வெட்டியிருந்தால் மிஞ்சும் சுவர் 3 மில்லிமீட்டர், விகிதம் 0.32. இருக்கும் 0.7 இடைவெளியைக் கழித்து 1.3 மட்டும் வெட்டினால் மிச்சம் 3.7, விகிதம் 0.39. எல்லையை ஒட்டி வந்துவிட்டது, ஆனாலும் போதவில்லை. பீங்கான் அடுக்கு இல்லாத ஒரே துண்டு சிர்கோனியா என்றால் செயல்படும் முகட்டில் 1.5 மில்லிமீட்டர் இடம் போதும். 0.8 மட்டும் வெட்டினால் சுவர் 4.2, விகிதம் 0.44. கேஸ் ஷீட்டில் கிரவுனின் பெயரை மாற்றி எழுதினாள். முழு உலோகக் கிரவுனும் இதே இடத்தில் அடங்கும், செலவும் குறையும். ஆனால் வெள்ளையாகத்தான் வேண்டும் என்று நோயாளி சொல்லிவிட்டார். அதுவும் நியாயமான காரணமே.

வெட்ட வேண்டியது 0.8 என்று முடிவானதும் மாணவர் செய்யும் அடுத்த காரியம், அந்த ஆழத்துக்குப் பள்ளங்கள் இறக்கி அவற்றை இணைப்பது. இங்கே கவனிக்க வேண்டியது வடிவம். கடிபரப்பை மேஜைபோலத் தட்டையாகச் சீவிவிடும் பழக்கம் பலருக்கு உண்டு. அப்படிச் சீவினால் முகடுகளில் தேவைக்கு மேல் போகும். நடுப்பள்ளத்தில் போதாமல் இருக்கும். முகட்டின் சரிவுகளை அப்படியே பின்பற்றி, பழைய கடிபரப்பின் சிறிய பிரதிபோல இறக்க வேண்டும். கீழ்ப்பல்லில் செயல்படுவது கன்னப்பக்க முகடு. அந்த முகட்டின் வெளிச்சரிவை, அதாவது கன்னத்தைப் பார்த்த சரிவை, மேல்பல்லின் கன்னப்பக்க முகட்டின் உள்சரிவுக்கு இணையாக ஏறத்தாழ 45 பாகையில் சாய்த்து எடுக்க வேண்டும். கீழ்ப்பல் மேல்பல்லுக்குள் சென்று அமர்வது அந்த வெளிச்சரிவிலும்தான். உச்சியில் மட்டும் இடம் கொடுத்து வெளிச்சரிவை மறந்துவிட்டால், கிரவுன் அந்த இடத்தில் காகிதமாக மெலியும்; இல்லையெனில் லேப் அதைத் தடிமனாக்க, பல் கன்னப்பக்கம் உப்பிக்கொண்டு வரும். ஆறு மாதம் கழித்து உடைந்து வரும் கிரவுன்களில் விரிசல் இந்தச் சரிவில் தொடங்குவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இடம் போதுமா என்று நேராகக் கடிக்கச் சொல்லி மட்டும் பார்க்கக் கூடாது. தாடையை வலப்பக்கம் நகர்த்தச் சொல்லியும் இடப்பக்கம் நகர்த்தச் சொல்லியும் பார்க்க வேண்டும். நேராகக் கடித்தால் 1.5 இருந்த இடம், பக்கவாட்டில் நகரும்போது ஒரு முகட்டில் 0.8 ஆகச் சுருங்குவது உண்டு. மெழுகைக் கடிக்க வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், மெலிந்த இடம் ஒளி ஊடுருவித் தெரியும்.

இனி சுவர்கள். இங்கே மாணவரின் மனதில் நிற்கும் எண் 6 பாகை. எதிரெதிர்ச் சுவர்கள் இரண்டும் சேர்ந்து மேல்நோக்கிக் குவியும் கோணம் அது. ஒவ்வொரு சுவருக்கும் 3 பாகை. குறுகல் கூடக் கூடப் பிடிமானம் எவ்வளவு வேகமாகச் சரிகிறது என்பதை 1955இல் யோர்கன்சன் அளந்து காட்டியபின் இந்த இலக்கு வலுப்பட்டது. ஆனால் வாய்க்குள் நல்ல கையுள்ளவர்களும் அடைவது பெரும்பாலும் அதைவிட அதிகம். அதனால் குடாக்கர் குழுவினர் மொத்தம் 10 முதல் 20 பாகை என்ற நடைமுறை எல்லையைத் தந்தார்கள். நான் மாணவர்களிடம் கேட்பதும் அதைத்தான். 6க்கு முயன்றால் 12இல் வந்து நிற்பீர்கள். 20க்கு முயன்றால் 30ஐத் தாண்டிவிடுவீர்கள். நம்முடைய 4.2 மில்லிமீட்டர் சுவரில், ஒவ்வொரு சுவரும் கூடுதலாக 5 பாகை சாய்ந்தால் மேல்விளிம்பு பக்கத்துக்கு 0.37 மில்லிமீட்டர் உள்ளே போய்விடும். எண்ணாகப் பார்த்தால் சிறியது. ஆனால் கஷ்டப்பட்டுக் காப்பாற்றிய உயரத்தின் பயனைக் கரைப்பது இந்தச் சாய்வுதான்.

டேப்பரைக் கை தர வேண்டியதில்லை, பர் தந்துவிடும் என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். வட்ட நுனியுள்ள டேப்பர் டயமண்ட் பர்ரின் பக்கங்களே சரிவாகச் செய்யப்பட்டவை. பர்ரின் தண்டைக் கிரவுன் இறங்கும் திசைக்கு இணையாகப் பிடித்துக்கொண்டு பல்லைச் சுற்றி வந்தால் வேண்டிய குறுகல் தானாக அமையும். மாணவர், குறுகல் வேண்டுமே என்று கையையும் சாய்க்கிறார். பர்ரின் சரிவும் கையின் சாய்வும் கூடிப்போகின்றன. ஆகவே நான் சொல்வது: தண்டைப் பாருங்கள், நுனியைப் பார்க்காதீர்கள். கன்னப்பக்கத்தில் முதல் பள்ளத்தை இறக்கும்போதே தண்டின் திசையை முடிவு செய்துவிடுங்கள். அதன்பின் மணிக்கட்டு மடங்கக் கூடாது, கை முழுவதும் சேர்ந்துதான் நகர வேண்டும்.

கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கே உரிய இரண்டு தொல்லைகள் உண்டு. ஒன்று, அந்தப் பல் இயற்கையிலேயே நாக்குப்பக்கம் சாய்ந்து நிற்கும். தண்டைத் தரைக்குச் செங்குத்தாகப் பிடித்தால் கன்னப்பக்கத்தில் கொஞ்சம்தான் போகும், நாக்குப்பக்கச் சுவரில் ஏராளமாகப் போகும். பல்லின் சொந்த அச்சைப் பின்பற்ற வேண்டும். பக்கத்துப் பற்களின் சாய்வு அதற்கு வழிகாட்டும்.

இரண்டாவது பின்சுவர். வாய் போதிய அளவு திறக்காதபோது, ஹேண்ட்பீஸின் கைப்பிடியை மேல் முன்பற்கள் கீழே தள்ளும். கைப்பிடி தாழ்ந்தால் பர்ரின் நுனி பின்னோக்கியும் தண்டு முன்னோக்கியும் சாயும். விளைவாகப் பின்சுவர் அளவுக்கு மேல் சரிந்துபோகும். அதே சாய்வோடு முன்சுவருக்கு வந்தால் அங்கே அடிவெட்டு விழும். மாணவர் அடிவெட்டை நீக்க முன்சுவரை மேலும் சாய்ப்பார். இரண்டு பக்கமும் சரிந்து, பல் கூம்பாகிவிடும். இதைக் கண்டுகொண்டால் தீர்வு எளியது: குட்டைத் தண்டு பர், சிறிய தலையுள்ள ஹேண்ட்பீஸ், நோயாளி தளர்ந்துவிடாதபடி இடையிடையே ஓய்வு, தேவையானால் எதிர்ப்பக்கம் ஒரு பைட் பிளாக்.

சரிபார்க்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் பலர் இரண்டு கண்களாலும் பார்த்து ஏமாறுகிறார்கள். இரண்டு கண்ணும் திறந்திருந்தால் ஒவ்வொரு கண்ணும் ஒவ்வொரு சுவரைப் பார்த்துவிடும். அடிவெட்டு இருக்கும் பல்கூடச் சரியாக இருப்பதாகத் தோன்றும். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் தூரத்திலிருந்து, கீழ்ப்பல்லானால் கண்ணாடியில் மேலிருந்து பாருங்கள். கண்ணாடியை நகர்த்தாமல் ஃபினிஷ் லைன் முழு வளையமாக ஒரே பார்வையில் தெரிய வேண்டும். எங்காவது கோடு சுவருக்குப் பின்னால் ஒளிந்தால் அங்கே அடிவெட்டு. மாறாகச் சுவர்களின் பரப்பு அகன்ற பட்டையாகத் தெரிந்தால் அங்கே டேப்பர் கூடிவிட்டது.

கூடிவிட்டால் என்ன செய்வது? சுவரை மறுபடி நிமிர்த்த முயன்றால் பல் இன்னும் மெலியும், ஃபினிஷ் லைனும் உள்ளே போகும். அதைவிட முன்பக்கச் சுவரிலும் பின்பக்கச் சுவரிலும் ஒவ்வொரு செங்குத்துப் பள்ளம் இறக்குவது நல்லது. கிரவுனைப் புரட்டும் விசை முக்கியமாகக் கன்னம்–நாக்குத் திசையில் வருவதால், அதைத் தடுக்கும் பள்ளங்கள் முன்-பின் சுவர்களில்தான் இருக்க வேண்டும். சிர்கோனியாவில் ஒரு கட்டுப்பாடு உண்டு: கிரவுனின் உள்பக்கத்தைக் கடைவது இயந்திரத்தின் பர். அதன் நுனியைவிடக் குறுகிய பள்ளத்தையோ கூர்மையான விளிம்பையோ அது நுணுக்கமாகக் கடைய முடியாது. அந்த இடத்தைத் தாராளமாகக் குடைந்துவிடும். பிறகு பள்ளம் இருந்தும் கிரவுன் தளர்வாகவே உட்காரும். ஆகவே பள்ளம் அகலமாகவும் வட்டமாகவும், மேல்விளிம்புகள் எல்லாம் மழுங்கலாகவும் இருக்க வேண்டும். 46இல் பின்சுவர் கொஞ்சம் சரிந்திருந்தது. ஆனால் 4 மில்லிமீட்டருக்குக் குறையாத சுவர் சுற்றிலும் இருந்ததால் பள்ளம் வேண்டாம் என்று விட்டோம். இதையே 3.2 மில்லிமீட்டர் சுவரில் கண்டிருந்தால் கட்டாயம் இறக்கச் சொல்லியிருப்பேன்.

பக்கத்துப் பல்லைக் கீறாமல் தொடுபுள்ளியைப் பிரிப்பது தனி வேலை. மெல்லிய ஊசி டயமண்டால், நம் பல்லின் எனாமலிலேயே ஒரு மெல்லிய தகட்டைப் பக்கத்துப் பல்லை ஒட்டி விட்டுவைத்து அறுங்கள். அந்தத் தகடு கடைசியில் தானாக உடைந்து விழும். பக்கத்துப் பல்லுக்கு ஒரு மேட்ரிக்ஸ் பேண்டைக் கட்டிவிட்டால் இன்னும் நிம்மதி.

ஃபினிஷ் லைனுக்கு வருவோம். பெயர்கள் பல இருந்தாலும் முதல் கிரவுனுக்கு அறிய வேண்டியவை இரண்டே. சாம்ஃபர் என்பது சுவர் வெளியே வளைந்து இறங்கும் ஆழமற்ற வளைவு. ஷோல்டர் என்பது படிபோல நீட்டிக்கொண்டு நிற்கும் தட்டு. இப்போது அதன் உள்மூலையை வட்டமாக்கியே வெட்டுகிறோம். எது எங்கே என்பதை முடிவு செய்வது, அந்த விளிம்பில் கிரவுனுக்கு எவ்வளவு தடிமன் வேண்டும் என்பதுதான். முழு உலோகத்துக்கு 0.3 முதல் 0.5 மில்லிமீட்டர் சாம்ஃபர் போதும். சிர்கோனியாவுக்கு 0.5 முதல் 1 மில்லிமீட்டர் சாம்ஃபர். பீங்கான் பூசிய உலோகத்தில் கன்னப்பக்கம் உலோகம், அதன்மேல் ஒளிபுகாப் பூச்சு, அதன்மேல் பீங்கான் என்று மூன்றும் அடங்க வேண்டியிருப்பதால் 1.2 முதல் 1.5 மில்லிமீட்டர் ஷோல்டர். நாக்குப்பக்கம் வெறும் உலோகம் என்றால் அங்கே சாம்ஃபர். லிதியம் டைசிலிகேட்டுக்கு 1 மில்லிமீட்டர் வட்ட மூலை ஷோல்டர். கத்திமுனைபோலச் சரிந்து மறையும் கோட்டை முதல் கிரவுனில் தேட வேண்டாம். கிரவுன் எங்கே முடிகிறது என்று லேபுக்கே தெரியாமல் போகும்.

சாம்ஃபரின் ஆழத்தைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள், பர் சொல்லிவிடும். வட்ட நுனிப் பர்ரின் பாதி அகலம் மட்டும் பல்லுக்குள் இருக்க வேண்டும், பாதி வெளியே. நுனியின் விட்டம் 1.2 மில்லிமீட்டர் என்றால் கிடைக்கும் சாம்ஃபர் 0.6. ஆகவே தொடங்கும் முன் பர்ரின் நுனியை அளந்து பாருங்கள். நுனி பாதிக்கு மேல் உள்ளே போனால், வட்டத்தின் மறுபாதி பல்லின் வெளிவிளிம்பில் மேல்நோக்கி ஒரு மெல்லிய உதட்டை விட்டுவிடும். ஆதாரமில்லாத எனாமல் அது. அச்செடுத்தால் இரட்டைக் கோடாகத் தெரியும். லேபில் டையைச் சீவும்போதோ வாயில் கிரவுனை அழுத்தும்போதோ உடையும். உடைந்த இடத்தில் இடைவெளி விழும். எக்ஸ்ப்ளோரர் நுனியை விளிம்புக்கு வெளியே வேர்ப்பக்கமிருந்து மேலே இழுத்து, பின் உள்பக்கம் நகர்த்திப் பாருங்கள். உதடு இருந்தால் நுனி அதைத் தாண்டிக் குழிக்குள் விழும். நீக்குவதற்கு, இன்னும் ஆழமாக அதே பர்ரை அழுத்தக் கூடாது. அது உதட்டை வளர்க்கவே செய்யும். நுனியில் மட்டும் வெட்டும் பர்ராலோ கைக்கருவியாலோ உதட்டை மட்டும் தட்டையாக்க வேண்டும். ஆழம் ஏற்கெனவே ஒரு மில்லிமீட்டரை நெருங்கிவிட்டால், அந்த இடத்தை வட்ட மூலை ஷோல்டராகவே ஏற்றுக்கொள்வது மேல்.

கோட்டை எந்த உயரத்தில் வைப்பது என்பதில் என் கருத்து உறுதியானது: ஈறுக்கு மேலே வைக்க முடிந்தால் மேலேயே வையுங்கள். பார்க்கலாம், அச்செடுக்கலாம், நோயாளி துலக்கலாம். கீழே கொண்டுபோகத் தகுந்த காரணம் வேண்டும். 46இல் கன்னப்பக்கமும் நாக்குப்பக்கமும் பின்பக்கமும் கோடு ஈறுக்கு அரை மில்லிமீட்டர் மேலேயே நின்றது. முன்பக்கத்தில் அது முடியவில்லை. அங்கே காம்போசிட் கோரின் கீழ்விளிம்பு ஈறுக்கு ஒரு மில்லிமீட்டர் மேலேதான் இருந்தது. கிரவுன் கோரைப் பிடித்தால் போதாது. கோருக்குக் கீழே உள்ள நல்ல பல்லைச் சுற்றி 1.5 முதல் 2 மில்லிமீட்டர் அளவுக்குப் பட்டையாகப் பிடிக்க வேண்டும். அதைத்தான் ஃபெரூல் என்கிறோம். வேர் சிகிச்சை செய்த பல் நடுவில் பிளக்காமல் காப்பதில் அதற்குப் பெரும் பங்குண்டு. 1.5 கிடைக்க வேண்டுமானால் கோட்டை ஈறுக்குள் அரை மில்லிமீட்டர் இறக்க வேண்டும்.

இறக்கும் முன் அந்த இடத்தில் ப்ரோபை விட்டு அளக்கச் சொன்னேன்: ஈறுப் பிளவு 2 மில்லிமீட்டர். பிளவின் அடியிலிருந்து எலும்புவரை ஈறு பல்லோடு ஒட்டியிருக்கும் பகுதி சராசரியாக 2.04 மில்லிமீட்டர் என்று 1961இல் கார்கியூலோ குழுவினர் அளந்தார்கள். அந்த ஒட்டுக்குள் கிரவுனின் விளிம்பு நுழைந்தால் ஈறு சிவந்து, தடித்து, தொட்டாலே இரத்தம் வரும். எவ்வளவு துலக்கினாலும் அடங்காது. பிளவு 2 இருக்கும்போது அரை மில்லிமீட்டர் இறங்குவதில் ஆபத்தில்லை. முதலில் கோட்டை ஈறு மட்டத்தில் முடித்து, மெல்லிய நூலைப் பிளவுக்குள் வைத்து ஈறு ஒதுங்கியபின், கண்ணால் பார்த்துக்கொண்டே அரை மில்லிமீட்டர் இறக்கினாள். நூல் வைக்காமல் இறக்கினால் பர் ஈறையும் கிழிக்கும், இரத்தத்தில் கோடும் தெரியாது. பிளவு ஒரு மில்லிமீட்டர்தான் இருந்திருந்தால், கிரவுனுக்கு முன் ஈறைக் கீழிறக்கி வைக்கும் அறுவை சிகிச்சை வேண்டுமா என்று பெரியோ துறையிடம் கேட்கச் சொல்லியிருப்பேன்.

வெட்டி முடித்ததும் உடனே அச்செடுக்க ஓடுவது பெரும்பாலானோரின் வழக்கம். நான் வரிசையை மாற்றச் சொல்வேன்: முதலில் தற்காலிகக் கிரவுன், பிறகு அச்சு. வெட்டத் தொடங்கும் முன்பே, வார்ப்பு மாதிரியில் 46இன் முகடுகளுக்கு மெழுகு சேர்த்து எதிர்ப்பல்லைத் தொடும் முழு வடிவத்துக்குக் கொண்டுவந்து, அதன்மேல் புட்டி இன்டெக்ஸ் எடுத்து வைத்திருந்தாள். இப்போதுள்ள குட்டைப் பல்லின் மேல் இன்டெக்ஸ் எடுத்திருந்தால் அது மீண்டும் பழைய பொய்யையே சொல்லியிருக்கும். வரப்போகும் கிரவுனின் வடிவம்தான் அளவுக்கு ஆதாரம். அந்த இன்டெக்ஸில் பிஸ்-அக்ரில் ஊற்றி எடுக்கும் தற்காலிகக் கிரவுனின் தடிமன், வரப்போகும் கிரவுனுக்குக் கிடைத்திருக்கும் இடத்தின் நேரடி அச்சு. அதைக் கையில் எடுத்து ஐவான்சன் கேஜால் புள்ளி புள்ளியாக அளந்தால் மெழுகில் தப்பியதும் பிடிபடும்.

மாணவி அளந்தாள். கன்னப்பக்க முன்முகட்டில் 1.6, நாக்குப்பக்க முகடுகளில் 1.1 முதல் 1.2, நடுப்பள்ளத்தில் 1.3. கன்னப்பக்கப் பின்முகட்டின் வெளிச்சரிவில் மட்டும் 0.9. கண்ணுக்கு எட்டாத, கை சென்று சேரக் கடினமான இடம் அது. மெழுகைக் கடித்தபோதும் அங்கே மெழுகு விலகிப்போயிருந்தது. தற்காலிகக் கிரவுனின் உள்ளே அந்தப் புள்ளியில் பென்சிலால் குறியிட்டு, அங்கே சிறு துளை போட்டு, கிரவுனைப் பல்லில் வைத்து, துளை வழியாகப் பல்லின் மேல் குறி வைத்தாள். குறி இருந்த இடத்தில் மட்டும், சரிவின் திசையிலேயே 0.6 எடுத்தாள். சுவரின் உயரத்தை அது தொடவில்லை. தற்காலிகக் கிரவுனை உள்ளே மீண்டும் நிரப்பி எடுத்து அளந்தபோது 1.5 வந்தது. விளிம்புகளை நைசான டயமண்டால் மழுங்கச் செய்து, நூலை மாற்றி, அச்சுக்கு ரப்பர் பேஸைக் கலக்கத் தொடங்கினாள்.